ஈரம் காயாத தலையணை

மாஸ்டர் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவரோடு வந்தவை ஒரு பெட்டி, ஒரு பஞ்சு மெத்தை, ஒரு தலையணை. அவ்வளவுதான் சொத்து. வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறோம், காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் கட்டிக்கொள்ளாத மனிதர். தொழிற்சாலை கேன்டீனில் அடுப்படி முழுக்க அவர் பொறுப்பு. அதனால் வேலையிடத்திலும் மாஸ்டர், தெருவிலும் மாஸ்டர். தம்பியே வெளியாட்களிடம் பேசும்போது 'எங்க மாஸ்டர்' என்றுதான் சொல்வான். தம்பி மனைவி மட்டும் 'அத்தான்' என்று கூப்பிடுவாள்.

அவளுக்கும் சொந்தப் பேர் எப்போதோ மறைந்து டெய்லரக்கா என்றாகிவிட்டிருந்தது. வாசலை ஒட்டிய சின்ன அறையில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் வந்ததும் அந்த அறையை ஒழித்து, ஒரு கட்டிலும் போட்டு அவருக்குக் கொடுத்தாள். மெஷின் கூடத்துக்கு வந்தது. நூல்கண்டுப் பெட்டி சாப்பாட்டு மேஜைக்கடியில் போனது. வெட்டின துணி நாற்காலிமேல் கிடந்தது. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, அவளே முன்வந்து கொடுத்ததுதான். ஆனால் முன்வந்து கொடுத்ததற்கும் உள்ளே ஒரு மூலையில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. அதை அவள் வெளியே விடவில்லை, அவ்வளவே.

முதலில் வாடையைச் சொன்னது ஒரு டீச்சர். அளவு கொடுக்க வந்தவர். வாசலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வரும்போது மூக்கை லேசாகச் சுளித்து, "என்னக்கா, ஏதோ சிக்கு வாடை அடிக்குது" என்றார். சும்மாதான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். டெய்லரக்காவுக்கோ அளவு நாடாவைப் பிடித்த கை கூசிப்போயிற்று. துணி தைத்துக் கொடுக்கிற வீட்டில் வாடை என்றால், தைத்த துணியிலும் அது ஏறியிருக்கும் என்றுதானே நினைப்பார்கள்.

டீச்சர் போனதும் அத்தான் அறைக்குள் போய்க் குனிந்து தலையணையை முகர்ந்தாள். தலைக்கு வைக்கிற எண்ணெய் நாள்பட்டுக் காறிப்போன வாடை. அதன் அடியில் வேர்வையின் புளிப்பு. உறையின் நடுவில் தலை வைக்கிற இடம் மட்டும் தேநீர் கொட்டின மாதிரி பழுப்பாக இருந்தது. உறையை உருவினாள். உள்ளே தலையணைத் துணியிலும் அதே பழுப்பு, வட்டம் வட்டமாக. மெத்தையில் முதுகு படுகிற இடமும் மங்கியிருந்தது. பாவம், பகல் பூராவும் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிற மனிதர். குளித்துவிட்டுத்தான் படுக்கிறார். ஆனாலும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கிறார். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. வெயில் எட்டிப் பார்க்காது. காற்றும் அப்படித்தான்.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போனபிறகு மெத்தையை மடக்கித் தோளில் ஏற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். கட்டைச் சுவர்மேல் விரித்துப் போட்டுத் துடைப்பத்தின் அடிக்கட்டையால் அடித்தாள். தூசி புகையாக எழுந்தது. பழுப்பு ஏறிய இடங்களில் சமையல் சோடாவைத் தூவி, தண்ணீர் தெளித்து ஊறவிட்டாள். உறைகளைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கி, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்தது. வேறு தண்ணீர் மாற்றினாள். அதுவும் கலங்கியது.

இதுவரை எல்லாம் சரிதான். தலையணை விஷயத்தில்தான் அவசரப்பட்டாள். பஞ்சுத் தலையணையை முழுசாக நனைக்கக் கூடாது. தையலைப் பிரித்து, பஞ்சைத் தனியே எடுத்து வெயிலில் உதறிப் போட்டு, வெளித்துணியை மட்டும் துவைத்து, காய்ந்தபின் திரும்ப அடைத்துத் தைக்க வேண்டும். தையல் பிரிக்கத் தெரியாதவளா அவள். ஆனால் தைக்க வேண்டிய துணி கூடத்தில் குவிந்து கிடந்தது. யாருடைய தலையணைக்கோ ஊசியும் நூலும் எடுத்து உட்கார வேண்டுமா என்று ஒரு எரிச்சல். அப்படியே வாளிக்குள் அமுக்கி, சோப்புப் போட்டு, காலால் மிதித்து, பிழிந்து, மாடிக் கொடிக்கடியில் வைத்துவிட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடியது. அவள் மேலே போய் மெத்தையைத் திருப்பிப் போட்டுச் சோடாவைத் தட்டிக்கொண்டிருந்தபோது தங்கை போனில் கூப்பிட்டாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு வேலையோடு பேசினாள். தங்கை என்ன பண்றே என்று கேட்டதுதான் தாமதம், அத்தனை மாத முணுமுணுப்பும் மடை திறந்துவிட்டது.

"என்னத்தப் பண்றது. எங்க அத்தான் மெத்தையோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன். தலைய வச்ச இடமெல்லாம் ஒரே சிக்கு. எண்ணெய்ச் சட்டியையே தூக்கிட்டு வந்து தலமாட்டுல வச்ச மாதிரி இருக்குடி. துவைச்சு எங்க போகப்போகுது? எல்லாத்தையும் கொளுத்தினாத்தான் போகும். வர்றவங்க மூக்கப் பொத்துறாங்க. எனக்குன்னு இருந்த ஒரு ரூமும் போச்சு, மானமும் போச்சு."

தங்கை சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியபோது மாடிப்படி முடிகிற இடத்தில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

கேன்டீனில் அன்று சீக்கிரம் வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு கையில் செருப்பைப் பிடித்திருந்தார், மாடியில் துணி காய்கிற இடத்துக்கு மண் கொண்டுவரக் கூடாது என்று. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கும்மா. நீ ஒத்தையில எப்படித் தூக்குவே? அந்தப் பக்கம் பிடி" என்றார்.

இரண்டு பேரும் மெத்தையின் இரண்டு முனைகளைப் பிடித்து இறக்கினார்கள். அவர் கீழ்ப்படியில் முன்னால் போனார், பாரமெல்லாம் அவர் பக்கம். அவள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தொட்டால் மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது. அழுத்திப் பார்த்திருந்தால் உள்ளே இருந்த ஈரம் தெரிந்திருக்கும். அழுத்திப் பார்க்கிற மனநிலையில் அவள் இல்லை. கேட்டிருக்குமோ, கேட்டிருக்காதோ என்ற ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. கேட்டிருந்தால் முகம் மாறியிருக்காதா. படியேறும்போது மூச்சு வாங்கும், காதில் விழுந்திருக்காது. இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கட்டிலில் மெத்தையைப் போட்டு, துவைத்த விரிப்பை விரித்து, இஸ்திரி போட்ட உறையை மாட்டித் தலையணையைத் தலைமாட்டில் நிமிர்த்தி வைத்தாள்.

அதன்பிறகு மாஸ்டர் எப்போதும்போல்தான் இருந்தார். விடியுமுன் கிளம்புவார். சாயங்காலம் வந்து குளிப்பார். தம்பி மகளிடம், அது கல்லூரிக்குப் போகிற பெண், ஏதாவது கிண்டல் பண்ணுவார். முடியை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டார். "என்னண்ணே, பட்டாளத்துல சேரப்போறியா" என்று தம்பி கேட்டான். "அடுப்படியில வேகுதுடா" என்றார். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். சுளுக்கு என்றார். டெய்லரக்கா தைலம் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்ததும் தன்னை நல்லவளாக நினைத்துக்கொண்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வாடை போகவில்லை. குறைந்த மாதிரி இருந்துவிட்டு வேறு மாதிரி திரும்பி வந்தது. மூடிவைத்த பெட்டியைத் திறந்தால் அடிக்குமே, அப்படி ஒரு மக்கல் வாடை. அதே டீச்சர் தைத்த துணியை வாங்க வந்தபோது இந்தமுறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதுதான் அவளுக்குத் தைத்தது. இந்த மனுஷன் என்னதான் தலையில் தடவுகிறாரோ என்று கொதித்துக்கொண்டே மறுநாள் காலை அவர் அறைக்குள் போனாள்.

தலையணையைத் தூக்கினாள். நெடி குப்பென்று வந்தது. விருட்டென்று உறையை உருவி வெந்நீர் வாளியில் போட்டு, சோடாவைக் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் போட்டபடியே இருந்தது. கலங்கவே இல்லை. வாளியின் அடிப்பக்கம் தெரிந்தது.

வெந்நீர் சூடு போதவில்லையோ என்று கையை விட்டாள். நல்ல சூடு. உறையை எடுத்து விரித்தாள். பழுப்பு இல்லை. எண்ணெய் இல்லை. ஒரு முடி இல்லை. அவள் இஸ்திரி போட்டபோது விழுந்த மடிப்புக்கோடு நனைந்த துணியிலும் நேராகத் தெரிந்தது. தலை வைத்த உறையில் மடிப்புக்கோடு எப்படி அப்படியே இருக்கும்.

உறையைப் பிழியாமல் வாளியிலேயே விட்டுவிட்டு அறைக்குப் போனாள். மெத்தை விரிப்பைத் தடவினாள். நடுவில் குழி இல்லை, சுருக்கம் இல்லை. விரலில் மெல்லிய தூசி ஒட்டியது. குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. அதனுள் அவருடைய பழைய வேட்டி ஒன்று, நாலாக மடித்து உருட்டிய உருளையாக. அதுதான் தலைக்கு. ஜன்னல் விளிம்பில் எண்ணெய்ப் புட்டி குறையாமல் அப்படியே இருந்தது, மூடியில் தூசி. பக்கத்தில் வாசனைச் சோப்பு, தேய்ந்து சில்லாகிப்போனது. அதன்கீழ் பிரிக்காத இன்னொரு சோப்பு.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கேட்டிருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. கொளுத்த வேண்டும் என்றதும், மூக்கைப் பொத்துகிறார்கள் என்றதும், அவள் சிரித்ததும்.

உட்கார்ந்தவள் சும்மா இருக்க முடியாமல் கத்தரியை எடுத்துத் தலையணையின் ஒரு ஓரத் தையலைப் பிரித்தாள். மேலாகப் பஞ்சு வெள்ளையாக, பொலபொலவென்று இருந்தது. உள்ளே கையை விட்டதும் கல்லு கல்லாகத் தட்டுப்பட்டது. ஒரு கட்டியை வெளியே எடுத்தாள். இறுகிப்போய், கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி விழுந்து, இன்னும் பிசுபிசுத்தது. மக்கல் வாடை அறை முழுக்க எழுந்தது. இது தலையின் வாடை இல்லை. இது அவள் வாளிக்குள் அமுக்கி மிதித்து, அரைகுறையாகக் காயவைத்து, உறை மாட்டி மூடிய ஈரத்தின் வாடை. மனிதர் இந்தத் தலையணைமேல் தலையே வைக்கவில்லை, பழியை மட்டும் அவர் தலையில் வைத்திருந்தாள்.

மகள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வாசலறையில் அம்மா பஞ்சுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள்.

"உங்க பெரியப்பா கட்டில்ல படுக்கிறதில்லையா?" என்று கேட்டாள் இவள்.

"ஆமாம்மா. கீழதான் படுக்கிறாரு. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"இடுப்புக்குத் தரைதான் நல்லதுன்னாரு. அம்மாகிட்டச் சொல்லாதே, கஷ்டப்பட்டுத் துவைச்சுப் போட்டிருக்கா, வருத்தப்படுவான்னாரு. நானும் விட்டுட்டேன்." பையை மாட்டிக்கொண்டவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ போ. பஸ் போயிடும்."

மகள் போனபிறகு அவள் தன் படுக்கையறைக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தன் தலையணையை எடுத்து, உறையை விலக்கி, மூக்கை வைத்து இழுத்தாள். காறின எண்ணெய், அடியில் புளிப்பு. புருஷனுடையதிலும் அதே. அத்தானுடையதில் அன்று அடித்ததற்கும் இதற்கும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், ஜாதி ஒன்றுதான். இத்தனை வருஷமாக இதில் தலை வைத்துத் தூங்கியவளுக்கு இது தெரிந்ததே இல்லை.

அப்போதுதான் அந்த ஜுரக் காலம் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு விடாத ஜுரம். புருஷன் வெளியூரில். பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தான்தான் வந்து இருந்தார். வேர்த்து வேர்த்து அவள் படுக்கை தொப்பலாகும். வாந்தி எடுத்த நாளும் உண்டு. தினமும் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்த மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலுக்குக் கொண்டுபோவார். சாயங்காலம் சூடு ஏறின மெத்தையைக் கொண்டுவந்து போட்டு, "இப்பப் படும்மா, கதகதன்னு இருக்கும்" என்பார். ஒரு நாள்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் தூக்கவில்லை. அதைப்பற்றி யாரிடமும் பேசியதாகவும் அவள் கேள்விப்பட்டதில்லை.

அன்றைக்கு அவள் மெஷினில் தைத்தது தலையணைத் துணி ஒன்றுதான். பூஞ்சை பிடித்த பஞ்சைக் கோணியில் கட்டிக் குப்பையில் போட்டாள். மெத்தைக் கடைக்குப் போய்ப் புது இலவம்பஞ்சு வாங்கினாள். கெட்டிக் காடாத் துணியில் இரட்டைத் தையல் போட்டுப் பை தைத்தாள். பஞ்சைப் பழைய சேலைக்குள் பரப்பி, காற்றில் பறக்காமல் மேலே இன்னொரு சேலையால் மூடி வெயிலில் வைத்து, உப்பி வந்தபிறகு அடைத்தாள். மேலே மாட்ட இரண்டு உறை, உள்ளுறை ஒன்று, வெளியுறை ஒன்று. எண்ணெய் உள்ளே இறங்காமல் உள்ளுறை தாங்கிக்கொள்ளும். அதை வாராவாரம் கழற்றித் துவைத்தால் போதும்.

மெத்தை அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. அதன் நடுவிலும் ஈரம் தங்கியிருந்தது. மாடியில் தரையில் போடாமல், கீழே காற்றுப் போக இரண்டு ஸ்டூல்களை வைத்து அவற்றின்மேல் போட்டாள். வெயில் நகர நகர மெத்தையை இழுத்தாள். ஒரு பக்கம் சுட்டதும் புரட்டினாள். சாயங்காலம் பனி இறங்குமுன் தன் அறைக்குக் கொண்டுவந்து வைத்து, மறுநாள் மறுபடி தூக்கினாள். உள்ளங்கையை நடுவில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்தி, கையை எடுத்து முகர்ந்து பார்த்து, வெயில் வாடை தவிர வேறொன்றும் இல்லை என்று ஆகும்வரை விடவில்லை. மெத்தை எங்கே என்று மாஸ்டர் கேட்கவில்லை. வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டுப் பாயை விரித்துக்கொண்டார்.

மெத்தை தயாரான அன்று சாயங்காலம் அவர் குளித்துவிட்டு அறைக்கு வந்தபோது டெய்லரக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். விரிப்பு விரித்திருந்தது. புதுத் தலையணை உப்பிக்கொண்டு கிடந்தது. கட்டிலுக்கடியில் பாய் இல்லை.

"அத்தான், ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லும்மா." துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

எப்படி ஆரம்பிப்பது என்று அவள் நாளெல்லாம் யோசித்துவைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "அன்னைக்கு மாடியில..." என்று இழுத்தாள்.

"எனக்கு அது எதுவும் கேக்கலம்மா" என்றார் சட்டென்று.

"எதுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே அத்தான்."

மாஸ்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பொய் பிடிபட்டதில் அவர் காதுதான் சிவந்தது, அவளுடையதில்லை. கட்டிலில் உட்காராமல் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"அடுப்படியில நிக்கிறவனுக்குத் தன் வாடை தெரியாதும்மா. யாராவது சொன்னாத்தான் உண்டு. ரூமைக் குடுத்தவ நீ. உன் பொழப்பு கெடக் கூடாதுல்ல. அதான் கீழ படுத்துக்கிட்டேன். இதுல என்ன இருக்கு?"

"வாடை உங்களது இல்ல. தலையணைய நனைச்சு, ஈரத்தோட எடுத்து வச்சிட்டேன். உள்ளயே மக்கிப் போச்சு. நீங்க படுக்காத தலையணைக்கு நீங்கதான் காரணம்னு நெனச்சு உங்களத் திட்டிட்டே இருந்தேன், மனசுக்குள்ள."

அவர் புதுத் தலையணையை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, குற்றம் சாட்டுகிற தொனியே இல்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

"மொதல்ல அடிச்சது? வர்றவங்க மூக்கப் பொத்துறாங்கன்னியே, அதுவும் ஈரமா?"

டெய்லரக்காவுக்கு ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. அதோடு முடிந்துவிடும். ஆனால் இன்னொரு பொய்யின்மேல் இவரைப் படுக்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்ல அத்தான். அது வேர்வையும் எண்ணெயும்தான். அதேதான் என் தலையணையிலயும் இருக்கு. உங்க தம்பியோடதுலயும் இருக்கு. மோந்து பார்த்தேன். எங்களுது எனக்குத் தெரியல, உங்களுது மட்டும் தெரிஞ்சுது." விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "ஜுரத்துல கெடந்தப்ப என் மெத்தையத் தூக்குனீங்க. நீங்க எதுவும் சொன்னதில்ல."

"ஜுரம் வந்தா வேர்க்கத்தானேம்மா செய்யும்" என்றார் மாஸ்டர். "அதப் போய் யார்கிட்டச் சொல்றது?"

அவர் இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான். அதனால்தான் அது அவளுக்கு எந்த வசவையும்விட ஆழமாக இறங்கியது. மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் எழுந்துகொண்டு, "என் வேட்டி எங்கம்மா? உருட்டி வச்சிருந்தேனே" என்று கேட்டார்.

"துவைச்சுப் போட்டிருக்கேன். இனிமே அது தலைக்கு வேண்டாம். இதுல படுங்க. நான் பார்க்கணும்."

மாஸ்டர் சிரித்தார். சின்னப் பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிட்டு முழுங்கினாயா என்று பார்க்கிற மாதிரி அவள் நின்றதில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்து, கழுத்தைத் தலையணையில் இறக்கினார். இறக்கும்போது 'ஸ்' என்று ஒரு சத்தம் அவரையறியாமல் வந்தது. இத்தனை நாளும் எவ்வளவு வலித்திருக்கும் என்பது அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"நல்லா இருக்கும்மா" என்றார் கண்ணை மூடிக்கொண்டே.

அன்றிலிருந்து அவர் கட்டிலில்தான் படுக்கிறார். அவள் ஒவ்வொரு நாளும் விரிப்பின் சுருக்கத்தையும் தலையணையின் குழியையும் பார்த்து உறுதிசெய்துகொள்கிறாள். கழுத்து சரியாகிவிட்டது. முடி கொஞ்சம் வளர்ந்தது. ஆனால் தலைக்கு எண்ணெய் வைப்பதை மட்டும் அவர் திரும்ப ஆரம்பிக்கவில்லை. ஒருமுறை அவளே புட்டியை எடுத்து நீட்டினாள். "பழக்கம் விட்டுப்போச்சும்மா" என்று வாங்கி, திரும்ப ஜன்னலிலேயே வைத்துவிட்டார்.

ஒரு விடுமுறைக் காலை, வீட்டில் இருக்கிற எல்லாத் தலையணைகளுக்கும் வெயில் காட்டலாம் என்று தன்னுடையதையும் புருஷனுடையதையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு அவள் மாடி ஏறினாள். போகிற வழியில் அத்தானுடையதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறையை எட்டிப் பார்த்தாள். கட்டில் வெறுமையாக இருந்தது. மேலே போனால், அவருடைய மெத்தை அதே ஸ்டூல்கள்மேல் ஏற்கெனவே விரித்துக் கிடந்தது, பக்கத்தில் தலையணையும். தலையணை உறை இரண்டும் துவைத்துக் கொடியில் தொங்கின, கிளிப் மாட்டி, ஓரம் நேராக. வீட்டில் மற்ற எல்லோரும் எழுந்திருக்குமுன்பே செய்து முடித்திருக்கிறார். அவள் கை படக் கூடாது என்று வீம்பில் செய்ததில்லை, அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு அந்த வேலையை இனி வைக்கக் கூடாது என்று செய்தது. எது வேண்டுமானாலும் சொல்லித் தடுக்கலாம், கேட்கமாட்டார்.

டெய்லரக்கா தன் தலையணைகளைக் கட்டைச் சுவர்மேல் வைத்தாள். மெத்தையில் கையை வைத்துப் பார்த்தாள். மேல்பக்கம் நன்றாகச் சுட்டிருந்தது. அடியில் கைவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மறுபக்கம் புரட்டிப் போட்டாள்.